மாதிரிக் குறுவினாவும் விடையும்: பாஸ்போபிரக்டோகைனேஸின் அலோஸ்டெரிக் ஒழுங்குமுறை

இளநிலை உயிர்வேதியியல், வளர்சிதை மாற்ற அலகு
மதிப்பெண் 10, நேரம் 20 நிமிடம்

வினா

ஒரு தசைச் செல்லில் ATP, ADP, AMP மூன்றின் மொத்தச் செறிவு 5.0 மில்லிமோலார். அடினைலேட் கைனேஸ் வினை சமநிலையில் இருப்பதாகக் கொள்க:

2 ADP ⇌ ATP + AMP, K = 0.44

| நிலை | ATP | ADP | AMP |
|---|---|---|---|
| ஓய்வு | 4.50 | 0.478 | 0.022 |
| கடும் ஓட்டம் | 4.00 | 0.909 | 0.091 |

(செறிவுகள் அனைத்தும் மில்லிமோலாரில்)

(அ) கிளைக்காலிசிஸைக் கட்டுப்படுத்த ஹெக்சோகைனேஸைவிடப் பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 ஏன் தகுந்த இடம்? (2)

(ஆ) ATP இந்நொதியின் தளப்பொருள். அதுவே இதைத் தடுக்கவும் செய்கிறது. இது எப்படி இயலும் என்பதை வேக வளைகோட்டின் துணையுடன் விளக்குக. (3)

(இ) ஆற்றல் குறைந்ததை நொதிக்குத் தெரிவிக்கும் குறிப்பாக ATP-ஐவிட AMP ஏன் சிறந்தது? அட்டவணையைக் கொண்டு காட்டுக. (2)

(ஈ) பட்டினியின்போது குளுக்ககான் கல்லீரலில் இந்நொதியின் வேகத்தைக் குறைக்கும் வழியைப் படிப்படியாக எழுதுக. (3)

மாதிரி விடை

(அ) பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 கீழ்க்காணும் வினையை நடத்துகிறது:

பிரக்டோஸ்-6-பாஸ்பேட் + ATP → பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் + ADP (Mg²⁺ தேவை)

செல்லுக்குள் இது மீளா வினை. ஹெக்சோகைனேஸ் வினையும் மீளாதது என்பதால் இந்தக் காரணம் மட்டும் போதாது. ஹெக்சோகைனேஸ் தரும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டுக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: கிளைக்கோஜன் ஆகலாம், பென்டோஸ் பாஸ்பேட் பாதையில் போகலாம், கிளைக்காலிசிஸில் இறங்கலாம். அங்கே தடுத்தால் மூன்றும் நின்றுவிடும். பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் உருவான பிறகோ கிளைக்காலிசிஸ் ஒன்றே வழி. ஆகவே அந்தப் பாதையை மட்டும் கட்டுப்படுத்த வேண்டுமானால் தடை இந்தப் படியில்தான் இருக்க வேண்டும். தசையில் இந்நொதி தடைபடும்போது பிரக்டோஸ்-6-பாஸ்பேட் தேங்கும். அதனோடு சமநிலையில் உள்ள குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் உயர்ந்து ஹெக்சோகைனேஸைத் தடுக்கும். மேல்படிக்குச் செய்தி இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

(ஆ) பாலூட்டிகளின் பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 நான்கு துணை அலகுகளால் ஆனது. ஒவ்வொரு துணை அலகிலும் ATP பிணைய இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. ஒன்று கிளர்வு மையம். இங்கே ATP மீதான நாட்டம் அதிகம், எனவே குறைந்த செறிவிலேயே நிரம்பிவிடும். மற்றொன்று அலோஸ்டெரிக் இடம். இங்கே நாட்டம் குறைவு, ATP மிகுந்தால்தான் நிரம்பும். இவ்விடம் நிரம்பியதும் நொதி, பிரக்டோஸ்-6-பாஸ்பேட் மீது நாட்டம் குறைந்த T நிலைக்குச் சாய்கிறது.

வளைகோட்டில் கிடை அச்சில் பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டின் செறிவையும் நிலை அச்சில் வினை வேகத்தையும் குறிக்க வேண்டும். ATP குறைவாக உள்ளபோது கோடு ஏறத்தாழ அதிபரவளைய வடிவில் விரைந்து உயரும். ATP மிகுந்தால் அது S வடிவம் பெற்று வலப்பக்கம் நகரும், அதாவது K₀.₅ கூடும். தளப்பொருள் போதிய அளவு உயர்ந்தால் வேகம் மீண்டும் பெருமத்தை நெருங்கும். AMP சேர்த்தால் கோடு இடப்பக்கம் திரும்பும். சிட்ரேட் ATP-யின் தடையை மேலும் வலுப்படுத்தும்.

(இ) ஓட்டத்தின்போது ATP 4.50-லிருந்து 4.00-க்கு இறங்குகிறது, ஏறக்குறைய 11 விழுக்காடு மட்டுமே. AMP 0.022-லிருந்து 0.091-க்கு, அதாவது நான்கு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக ஏறுகிறது. காரணம், அடினைலேட் கைனேஸ் சமநிலையில்

[AMP] = K [ADP]² / [ATP]

ADP சுமார் 1.9 மடங்கு கூடும்போது அதன் வர்க்கம் 3.6 மடங்காகிறது. வகுக்கும் ATP-யும் குறைவதால் AMP இன்னும் உயர்கிறது. ATP எப்போதும் மில்லிமோலார் அளவில் நிறைந்திருப்பதால், அதன் சிறு சரிவால் மட்டும் நொதியின் தடை பெரிதாகத் தளராது. AMP மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குவதால் அதே நிகழ்வு அதில் பெருகித் தெரிகிறது. அது நொதியில் தனக்குரிய இடத்தில் பிணைந்து ATP-யின் தடையை விலக்குகிறது.

(ஈ) குளுக்ககான் ஏற்பியில் பிணைகிறது → அடினைலேட் சைக்ளேஸ் தூண்டப்பட்டு வளைய AMP உயர்கிறது → புரதக் கைனேஸ் A செயல்படுகிறது → கல்லீரலின் பாஸ்போபிரக்டோகைனேஸ்-2/பிரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ்-2 என்ற இருபணி நொதியில் ஒரு செரினுக்குப் பாஸ்பேட் ஏறுகிறது → அதன் கைனேஸ் பகுதி அடங்குகிறது, பாஸ்பட்டேஸ் பகுதி விழிக்கிறது → பிரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட் குறைகிறது → பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 தன் வலிமையான தூண்டியை இழந்து மந்தமாகிறது.

பிரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட் கிளைக்காலிசிஸின் இடைப்பொருள் அன்று, ஒழுங்குபடுத்துவது மட்டுமே அதன் பணி. அது பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பட்டேஸைத் தடுக்கவும் செய்வதால், அது குறையும்போது குளுக்கோஸ் புத்தாக்கம் தடை நீங்கி ஓடுகிறது. ஒரே மாற்றம் ஒரு பாதையை மூடி எதிர்ப் பாதையைத் திறக்கிறது.

மதிப்பெண் பகிர்வு

(அ) குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டுக்குப் பிற வழிகள் உண்டு என்பதற்கு 1, இது கிளைக்காலிசிஸுக்கே உரிய முதல் மீளாப் படி என்பதற்கு 1. "மீளாதது" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அரை மதிப்பெண் மட்டும்.

(ஆ) இரு இடங்களும் நாட்ட வேறுபாடும் 1½, அச்சுப் பெயர்களுடன் சரியான வளைகோடுகள் 1½. அச்சுப் பெயர் இல்லாத படத்துக்கு மதிப்பெண் இல்லை. கிடை அச்சில் ATP-யை எழுதி S வளைகோடு வரைபவர்கள் பலர். அந்த அச்சில் வேகம் முதலில் ஏறிப் பின்னர் இறங்கும். அப்படிச் சரியாக வரைந்து விளக்கியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம்.

(இ) இரு மாற்றங்களையும் கணக்கிட்டால் 1, அடினைலேட் கைனேஸ் சமநிலையைக் காரணமாகக் காட்டினால் 1. "AMP கூடுகிறது" என்று எண் இல்லாமல் எழுதினால் அரை மதிப்பெண்.

(ஈ) வளைய AMP வழி 1, இருபணி நொதியில் நிகழும் மாற்றம் 1, பிரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட் குறைவதும் விளைவும் 1.

மதிப்பெண் போகும் இடங்கள்

மிகப் பெரிய இழப்பு ஓர் எண்ணால் வருகிறது. 2,6 என்று எழுத வேண்டிய இடத்தில் 1,6 என்று எழுதினால் (ஈ) பகுதியின் கடைசி மதிப்பெண் கிடைக்காது. ஒன்று விளைபொருள், மற்றொன்று தூண்டி, உருவாக்கும் நொதிகளும் வேறு. இதைக் கைத்தவறு என்று விட்டுவிட முடியாது.

குளுக்ககான் வழியில் பாஸ்பேட் ஏறுவது பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 மீது என எழுதுவதும் அடிக்கடி காணும் பிழை. வினா கேட்கும் வழியில் பாஸ்பேட் ஏறுவது இருபணி நொதியில். அதுவும் கல்லீரல் வடிவத்தில்தான் அதன் கைனேஸ் பகுதி அடங்கும். இதயத் தசை வடிவத்தில் பாஸ்பேட் ஏறும் இடம் வேறு, அங்கே கைனேஸ் பகுதி தூண்டப்படுகிறது. எனவே விடையில் "கல்லீரலில்" என்ற சொல் தவறாமல் இருக்க வேண்டும்.

ATP-யைப் "போட்டித் தடுப்பான்" என்று சொல்வது பொருந்தாது. தளப்பொருளைக் கூட்டினால் தடை விலகுவதைப் பார்த்து அப்படித் தோன்றும். ஆனால் ATP பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டின் இடத்தைப் பிடிப்பதில்லை. வேறோர் இடத்தில் அமர்ந்து நொதியின் வடிவத்தை மாற்றுவதால்தான் நாட்டம் குறைகிறது.

அமிலத்தன்மை பற்றி வினா கேட்கவில்லை. இருப்பினும் pH தாழ்ந்தால் தசை நொதி தடைபடும் என்று (ஆ) பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தால் அது பிழையாகாது, தனி மதிப்பெண்ணும் இல்லை. சிட்ரேட்டுக்கும் இதே விதி.