தொலைந்த காசோலை எண் 004318: பணம் வழங்குவதை நிறுத்தக் கோரும் கடிதம்

சிவகாசி,
17.03.2026, காலை 9.45 மணி

அனுப்புநர்:
கே. மாரியப்பன்,
அச்சக உரிமையாளர்,
சிவகாசி.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
சிவகாசி கிளை.

பொருள்: நடப்புக் கணக்கு எண் 60214700385 – தொலைந்துபோன ஒரு காசோலைக்குப் பணம் வழங்குவதை உடனே நிறுத்தக் கோருதல்.

ஐயா,

வணக்கம். மேற்கண்ட கணக்கிலிருந்து நான் எழுதிய கீழ்க்காணும் காசோலை கூரியரில் தொலைந்துவிட்டது. அதற்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காசோலை எண்: 004318 (இது ஒன்று மட்டும்)
காசோலைத் தேதி: 12.03.2026
தொகை: ரூ. 1,86,450 (ரூபாய் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்)
பெறுபவர்: ஸ்ரீவேல் பேப்பர் டிரேடர்ஸ், மதுரை
குறுக்குக் கோடு: 'அக்கவுண்ட் பேயி ஒன்லி' என்று எழுதியுள்ளது
கையெழுத்து: நான் மட்டும்

மார்ச் 13 அன்று பில் நகலோடு சேர்த்து இதைக் கூரியரில் அனுப்பினேன். 16 அன்று மதுரையில் உறை ஓரம் கிழிந்த நிலையில் சேர்ந்தது. உள்ளே பில் மட்டும் இருந்தது, காசோலை இல்லை. காசோலை தங்களுக்கு வந்து சேரவில்லை, எந்த வங்கியிலும் போடவில்லை என்று பெறுபவர் எழுதித் தந்த கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

தாமதிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொகை ரூ. 50,000-க்கு மேல் என்பதால் 12-ஆம் தேதியே பாசிட்டிவ் பே-யில் விவரங்களைப் பதிந்துவிட்டேன். ஆகவே இந்தக் காசோலையை யார் கிளியரிங்கில் போட்டாலும் எண், தேதி, தொகை, பெயர் எல்லாம் பொருந்திவிடும். அந்தச் சரிபார்ப்பு இதைத் தடுக்காது. அந்தப் பதிவையும் ரத்து செய்யுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் பகலில் தொடர்ச்சியாகக் கிளியரிங்குக்கு வந்து, அன்று மாலைக்குள் முடிவாகிவிடுகின்றன. இந்தக் காசோலை கிளியரிங்குக்கு வரும் முன்பே கணினியில் நிறுத்தம் ஏறினால்தான் பயன். காசோலை தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால், அதுவரை எந்த நாளிலும் வரலாம்.

நிறுத்தத்தைப் பதியும் முன், 12.03.2026 முதல் இந்த நிமிடம் வரை 004318 பணமாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே போயிருந்தால் இந்தக் கடிதத்தால் பயனில்லை. காசோலையின் படத்தையும், எந்த வங்கி, எந்தக் கணக்கு வழியாக வந்தது என்பதையும் உடனே தரவேண்டும். போலீஸ் புகாருக்கு அவை தேவைப்படும்.

எண்ணைப் பதியும்போது தொடக்க எண், முடிவு எண் இரண்டுமே 004318 ஆக இருக்கட்டும். 004317, 004319 இரண்டும் வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டு இன்னும் பணமாகாதவை. அவை திரும்பினால் என் பெயர்தான் கெடும்.

நேற்று மாலை 6.20-க்கு நெட் பேங்கிங்கிலும் நிறுத்தக் கோரிக்கை கொடுத்தேன். அந்தத் திரையின் அச்சுப் பிரதி இணைப்பில் உள்ளது. இரண்டையும் ஒரே கோரிக்கையாகக் கொண்டு, கட்டணத்தையும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் ஒருமுறை மட்டும் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடனைத் தட்டிக்கழிக்க நான் இதைச் செய்யவில்லை. தொகைக்குப் போதிய பணம் கணக்கில் இருக்கிறது. இன்றைய இருப்புச் சான்று ஒன்றும் தாருங்கள். நிறுத்தப்பட்ட காசோலை திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம் என்பதால் அந்தச் சான்று எனக்கு முக்கியம். காசோலை வந்தால், 'கணக்கில் பணம் இல்லை' என்றல்லாமல், 'எழுதியவர் பணம் வழங்குவதை நிறுத்தினார்' என்ற காரணத்தோடு திருப்புங்கள். நிறுத்தம் உறுதியான பின்பே அதே தொகையைப் பெறுபவருக்கு நெஃப்ட் மூலம் அனுப்புவேன். முன்கூட்டி அனுப்பினால் இரண்டு முறை பணம் போகும் ஆபத்து இருக்கிறது.

காசோலை பிறகு கிடைத்தால் அதைப் பயன்படுத்தாமல் கிளையிலேயே ஒப்படைக்கிறேன். இந்த நிறுத்தத்தை விலக்கவேண்டுமென்றால் என் கையெழுத்திட்ட கடிதத்தின் பேரில் மட்டும் விலக்குங்கள். தொலைபேசியில் யார் சொன்னாலும், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், விலக்க வேண்டாம். என் கோரிக்கைப்படி நிறுத்தியதால் வங்கிக்கு இழப்பு நேர்ந்தால் அதற்கு நான் பொறுப்பு. இக்கடிதம் பெற்றுக்கொண்ட நேரத்துக்குப் பின் காசோலை பணமானால், அந்தத் தொகையை வங்கி என் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும்.

இதன் இரண்டாம் பிரதியில் தேதி, நேரம், கிளை முத்திரை, பெற்றுக்கொண்ட அலுவலரின் கையெழுத்து இட்டுத் திருப்பித் தாருங்கள். நிறுத்தம் ஏறியதும் வரும் பதிவு எண்ணை, 4417 என்று முடியும் என் பதிவு செய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
(கையெழுத்து – வங்கியில் உள்ள மாதிரிப்படி)
கே. மாரியப்பன்

இணைப்பு: பெறுபவரின் கடித நகல், கூரியர் ரசீது நகல், நெட் பேங்கிங் அச்சுப் பிரதி, 004318-இன் அடிக்கட்டை நகல், என் அடையாள அட்டை நகல்.