மலைப்பள்ளிகளில் புதிய ஆசிரியரின் பணிச்சோர்வு: முறையான வழிகாட்டல் அதைக் குறைக்குமா?

சுருக்கம்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்கூட ஆகாத ஆசிரியர்கள் சோர்ந்துபோவதை, அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகக் கொடுத்துத் தடுக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான நேரம் பள்ளி வேலை நேரத்துக்குள் வர வேண்டும், வழிகாட்டுபவர் கையில் மதிப்பீட்டுத் தாள் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லாத வழிகாட்டல் புதியவர் தலையில் இன்னொரு வேலையாகத்தான் விழும். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதி அரசு தொடக்கப்பள்ளிகளை வைத்து, அங்கே ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராக இருப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பணிச்சோர்வு என்றால் எது

கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் இதை மூன்றாகப் பிரிக்கிறது: உணர்வளவில் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவது, நாம் செய்வதால் எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத நீண்டநாள் பணி அழுத்தத்தால் வரும் நிலை என்று வரையறுத்தது. கையாளாமல் விட்டது யார் என்று கேட்டால் விரல் நிர்வாகத்தின் பக்கம் திரும்பும், அதாவது என்னைப் போன்ற தலைமையாசிரியர்களின் பக்கமும்தான்.

மலையில் இந்த மூன்றும் வேறு வேறு வழியில் வருகின்றன. சமவெளியிலிருந்து பணியாணையோடு வரும் இளம் ஆசிரியைக்கு ஒரே அறையில் மூன்று வகுப்பு. பிள்ளைகளில் சிலர் வீட்டில் பணியர் பழங்குடியினரின் மொழி பேசுவார்கள், சிலர் மலையாளம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ். எமிஸ் செயலியில் வருகையைப் பதிய வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடக்க வேண்டும், அந்த நேரம் வகுப்பு சும்மா இருக்கும். சாயங்காலப் பேருந்தை விட்டால் யானை நடமாடும் தோட்டப்பாதையில் நடந்துதான் போகணும் என்பதால் மூன்று மணியிலிருந்தே மனம் கடிகாரத்தில். ஜூன், ஜூலை மழையில் கரன்ட் போய்விட்டால் இரவு முழுக்க வாடகை அறையில் தனியாக இருக்க வேண்டும். "பாடம் நடத்துறது கஷ்டம் இல்ல சார், ரூமுக்குப் போனா பேச ஆள் இல்லாததுதான் முடியல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அடுத்த பருவத்தில் அவரே "இந்தப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது சார்" என்றார். இரண்டாவது வாக்கியம்தான் என்னைப் பயமுறுத்தியது, ஏனென்றால் அது மாஸ்லாக் சொல்லும் அந்த விலகல். அதற்கப்புறம் மாறுதல் கலந்தாய்வுக்கான நாளை எண்ணுவது மட்டுமே மிஞ்சும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ரிச்சர்ட் இங்கர்சாலும் மைக்கேல் ஸ்ட்ராங்கும் 2011இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புதியவர்களுக்கான வழிகாட்டலும் அறிமுக உதவியும் பணியில் நீடிப்பதற்கும் கற்பித்தலுக்கும் மாணவர் கற்றலுக்கும் பெரும்பாலும் நல்லதே செய்திருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. இத்தோடு நிறுத்திவிட்டால் வசதியாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் 17 மாவட்டங்களில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெரிய சோதனை ஒன்றின் இறுதி அறிக்கை 2010இல் வந்தது. முழுநேர வழிகாட்டிகள், வாராந்திரச் சந்திப்புகள் எல்லாம் இருந்தும், ஆசிரியர்கள் பணியில் நீடிப்பதில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வருடம் உதவி பெற்றவர்களின் மாணவர்கள் மட்டும் மூன்றாம் வருடத்தில் முன்னேறியிருந்தார்கள்.

இந்தச் சோதனையை வைத்து வழிகாட்டல் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிடப்பட்ட பள்ளிகளிலும் வழக்கமான உதவி கொஞ்சம் இருந்தது, நீடிப்பதும் சோர்வும் ஒன்றல்ல. சோர்ந்துபோயும் சம்பளத்துக்காக முப்பது வருடம் இருப்பவர்களை நமக்குத் தெரியும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு: ஒரு வருடம் போதாது, வேலைச்சுமை அப்படியே இருக்கும்போது பேச்சு மட்டும் போதாது.

இங்கிலாந்து 2021இல் கொண்டுவந்த ஏற்பாடு இந்த இரண்டையும் கவனிக்கிறது. இரண்டு வருட உதவி, முதல் வருடம் வகுப்பு நேரத்தில் 10 சதவீதக் குறைப்பு, இரண்டாம் வருடம் 5 சதவீதம், மதிப்பிடும் பொறுப்பு வழிகாட்டியிடம் இல்லாமல் வேறொருவரிடம். அங்கேயும் வழிகாட்டிகள் தங்களுக்கு நேரம் போதவில்லை என்று முறையிட்டார்கள். புதியவரைக் காப்பாற்றப் போய் மூத்தவரைச் சோர்வாக்குவதில் என்ன லாபம்?

எங்கள் பக்கம் பார்த்தது

சுற்றியுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான எங்கள் குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர் புதியவர் ஒருவருக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டார். முதல் நாள் அவர் வகுப்புக்குள் வந்து குறிப்பேட்டைத் திறக்கவேயில்லை. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, இரண்டாம் வகுப்புக்குச் சொல் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "இந்தக் கூட்டத்த நான் பார்த்துக்கிறேன் டீச்சர், நீங்க மூணாம் வகுப்ப நடத்துங்க" என்றார். பணியர் மொழியில் மரம், தண்ணீர், வீடு போன்ற சொற்களைப் பிள்ளைகளிடமே கேட்டு சுவரில் எழுதவைத்தார். ஒரு மாதம் கழித்து அந்தச் சுவரில் இடமில்லை. எந்தப் பதிவேட்டை அன்றன்றே முடிக்க வேண்டும், எதை வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதலாம் என்றும் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு விஷயமே புதியவரின் மாலை நேரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது.

அப்புறம் வேலைகள் குவிந்தன. சந்திப்புகள் பள்ளி விட்ட பிறகு என்று ஆனது, பேருந்து காத்திருக்காது, சந்திப்பும் போனில் ஐந்து நிமிடமாகச் சுருங்கிப்போனது. நல்ல மனம் இருந்தது, நேரத்தைத்தான் யாரும் ஒதுக்கவில்லை.

என்ன செய்யலாம்

ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை விடுவித்தால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். அதனால் கால அட்டவணையைக் குறை என்று உத்தரவு போடுவதில் பயனில்லை. மாதம் இரண்டு அரைநாள், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வழிகாட்டியின் வகுப்பை எடுக்கட்டும், வழிகாட்டி புதியவரின் பள்ளிக்குப் போகட்டும். பயிற்றுநருக்கும் தான் பயிற்சியில் சொல்வதை நிஜ வகுப்பில் செய்துபார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். குறுவள மையக் கூட்டத்தின் கடைசி ஒரு மணி நேரம் புதியவர்களுக்கு மட்டும், அங்கே புள்ளிவிவரம் யாரும் கேட்கக்கூடாது.

வழிகாட்டி அதே பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கவே கூடாது. விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் "எனக்கு முடியல" என்று எந்தப் புதியவர் சொல்வார்? தேசிய கல்விக் கொள்கை 2020 பேசும் வழிகாட்டல் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடம் உண்டு. கூடலூர் பக்கம் இரண்டு மூன்று மொழி புரிகிற, எந்தப் பாதையில் எப்போது யானை இறங்கும் என்று தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பயணப்படியும் மதிப்பூதியமும் கொடுத்துக் கூப்பிட வேண்டும், இலவசமாகக் கேட்கக்கூடாது.

அளவிடுவதற்கு மாஸ்லாக் வகைக் கேள்வித்தாளைத் தமிழில் ஜூன், நவம்பர், மார்ச் என மூன்று முறை கொடுக்கலாம், பெயர் எழுதாமல், உறையில் போட்டு. ஒரு வட்டாரத்தில் இருக்கும் சில புதியவர்களை வைத்து வழிகாட்டல்தான் காரணம் என்று நிரூபித்துவிட முடியாது, ஆகவே பந்தலூரில் இந்த வருடமும் கோத்தகிரியில் அடுத்த வருடமும் தொடங்கி இரண்டையும் ஒப்பிட வேண்டும். மாறுதல் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகவும், சோர்வு மதிப்பெண்ணைத் தனியாகவும் பதிய வேண்டும். தாள்களை வாங்கித் தொகுப்பது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமாக இருக்கட்டும், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அவை போகவே கூடாது.