வாரத் திட்டத் தாள்: பட்டுப்புழு மனை, ஐந்தாம் பருவம்

2025 ஜூலை 14–20 | பாலக்கோடு | வெண்கூட்டு இனம், முட்டைத் தொகுதி 100

திங்கள் 14
நாலாம் தோலுரிப்பு. தழை கிடையாது. படுக்கையில் சுண்ணாம்புத் தூள், சன்னல் திறந்து காற்றோட்டம். புழுவைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

செவ்வாய் 15
100க்கு 95 புழு தோலுரித்த பிறகே முதல் தழை. அவசரப்பட்டால் முந்தியது பெருக்கும், பிந்தியது சிறுக்கும், கூடு கட்டுவதும் முன்பின்னாகும். தழைக்கு அரை மணி நேரம் முன் கிருமிநாசினித் தூள்.

புதன் 16
படுக்கையை அகலப்படுத்து. நெருக்கம்தான் நோய்க்கு வழி.

வியாழன் 17 (ஆடி 1)
தழை வெட்டுவது காலையிலும் மாலையிலும் மட்டும். ஈரச் சாக்கில் மூடு. ஆடிக்காற்று சீக்கிரம் வாட்டிவிடும்.

வெள்ளி 18
ஐந்தாம் பருவத்தின் நாலாம் நாள்: இரண்டாவது முறை தூள். செத்த புழுவைக் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதை. இன்றிலிருந்து தழை நிறையத் தேவை.

சனி 19
புழு கூடு கட்டும் நெட்ரிகாவைக் கழுவி, கிருமி நீக்கி, வெயிலில் காய வை.

ஞாயிறு 20
பழுத்த புழு தெரிகிறதா, காலை மாலை பார். தருமபுரி அங்காடியில் கூடு விலை விசாரி.

தினப் பழக்கம் (செய்த நாளின் எழுத்தை வட்டமிடுங்கள்)

மூன்று வேளைத் தழை: தி செ பு வி வெ ச ஞா (திங்கள் தவிர)
வெப்பம் 24°, ஈரப்பதம் 70% அருகில்: தி செ பு வி வெ ச ஞா
வாசலில் கால் கை கழுவல்: தி செ பு வி வெ ச ஞா
செத்த புழு எண்ணல்: தி செ பு வி வெ ச ஞா
செலவு எழுதல்: தி செ பு வி வெ ச ஞா

அச்சும் துளையும்

ஏ4 தாள், நெடுக்கு. இட ஓரம் 25 மிமீ, வலம் 10, மேல் கீழ் 12. தலைப்பு 15 மிமீ, ஏழு பெட்டிகள் தலா 27, பழக்கக் கட்டம் 45, இக்குறிப்புக்கு 24. பெட்டிக்குள் 9 மிமீ கோடு மூன்று: முதலில் அச்சிட்ட வேலை, மற்ற இரண்டு எழுத. தமிழில் மேலே சுழியும் கீழே காலும் வரும். 7 மிமீ போதாது.

அச்சு அளவு `Actual size`. வேறு தேர்வு இருந்தால் கோடு சுருங்கும். 9 மிமீயை அளவுகோலால் சரிபாருங்கள். பின்பக்கம் தழைக் கணக்கு: அங்கே 25 மிமீ ஓரம் வலப்பக்கம், `Flip on long edge`.

துளையின் நடு தாளின் ஓரத்திலிருந்து 12 மிமீ, இரண்டுக்கும் இடையே 80 மிமீ. தாளை மடித்து நெடும்பக்க நடுவை அடையாளமிட்டுத் துளைக்கருவியின் நடுக்குறியில் பொருத்துங்கள். ஒரு தடவை எட்டுத் தாளுக்கு மேல் வேண்டாம், துளை நழுவும்.

மனையின் ஈரத்தில் மை கரையும், ஆகவே ஜெராக்ஸ் அல்லது லேசர் அச்சு, பந்துமுனைப் பேனா. 70 கிராம் தாள் துளையில் கிழியும்: 100 கிராம் தாள் வாங்குங்கள், அல்லது துளைக்கு முன் ஓரத்தில் செலோ டேப் ஒட்டிவிடுங்கள்.