நூலே குருவாக அமர்ந்த மரபு

சீக்கியக் குருத்வாராவில் விடியற்காலையில் தங்கள் புனித நூலான குரு கிரந்த சாகிபைப் பள்ளியறையிலிருந்து தலைமேல் சுமந்து வருகிறார்கள். விதானத்தின் கீழ் மெத்தையில் அமர்த்தி, ருமாலா என்னும் அலங்காரத் துணி போர்த்தி, சாமரம் வீசுகிறார்கள். இரவில் மீண்டும் பள்ளியறை. 'இது புத்தக வழிபாடு' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் விஷயம் கைநழுவிவிடும். இங்கே நடப்பது, அரியணையில் இருக்கும் குருவுக்குச் செய்யும் மரியாதை.

மற்ற மரபுகளோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இஸ்லாமியருக்குக் குர்ஆன் இறைவாக்கு. ஆனால் அது நபியின் இடத்தில் அமர்வதில்லை. வேதத்தை ஓத, சொல்லிக்கொடுக்கும் குரு தனியாக வேண்டும். மிக நெருங்கி வருவது பௌத்தம். தன் மறைவுக்குப் பின் தம்மம் என்னும் போதனையும் விநயம் என்னும் ஒழுக்க விதிகளுமே உங்கள் ஆசான் என்று புத்தர் சொன்னதாகப் பாலி மரபு கூறுகிறது. ஆனால் அவர் கையளித்தது போதனையை. அது நூல்வடிவம் பெற்றது பிற்காலத்தில். சீக்கியத்திலோ ஐந்தாம் குரு அர்ஜன் தாமே பாடல்களைத் திரட்டி, பாயி குர்தாஸை எழுதவைத்து, 1604இல் அமிர்தசரஸ் ஹர்மந்திரில், அதாவது பொற்கோயிலில், நிறுவினார். 1708இல் நாந்தேடில் பத்தாம் குரு கோபிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை என்று அந்த நூலிடமே குருபீடத்தை ஒப்படைத்தார் என்பது சீக்கிய மரபு. குரு என்பது உடலல்ல, 'சபத்' என்னும் இறைச்சொல் என்ற எண்ணம் முதல் குரு நானக்கின் பாடல்களிலேயே இருந்ததால், இது திடீர் முடிவாகத் தோன்றவில்லை.

குரு என்றால் பேச வேண்டுமே? அதற்குத்தான் ஹுகம். நூலை ஏதோ ஓரிடத்தில் திறக்கிறார்கள். இடப்பக்கத்தின் உச்சியில் வரும் பாடலே அன்றைய கட்டளை. அது முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால், பக்கத்தைப் புரட்டி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்; பாதியில் தொடங்கக் கூடாது. குழந்தைக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பாடலின் முதலெழுத்தில்தான்.

என்னை மிகவும் நெகிழவைப்பது, இந்தக் குருவின் குரலில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது. 1430 பக்கங்களில் சீக்கிய குருமார்களோடு நெசவாளர் கபீர், தோல்தொழில் செய்த ரவிதாஸ், சூஃபி ஷேக் ஃபரீத் ஆகியோரும் பேசுகிறார்கள். பேரரசரே வந்தாலும் ரவிதாஸின் சொல் முன் தலைவணங்கித்தான் தரையில் அமர வேண்டும்.

சொல்லை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. ஏழாம் குருவின் மகன் ராம் ராய், ஔரங்கசீப்பின் அவையில் நானக்கின் வரியில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்காகத் தந்தையால் விலக்கப்பட்டார் என்று மரபு சொல்கிறது. குருபீடம் தம்பி ஹர் கிஷனுக்குப் போனது. ஆனால் மாறாத நூல் எல்லாப் புதுக் கேள்விக்கும் நேரடி விடை தராது. அங்கே 'குரு பந்த்', அதாவது நூலின் முன் கூடும் சமூகம், முடிவெடுக்கிறது. அந்த முடிவில் எது நூலின் குரல், எது கூடியவர்களின் குரல் என்ற வாதம் சீக்கியரிடையே இன்றும் உண்டு.