கடலும் தாத்தாவும்: AI படத்துக்கு ஆயில் பெயிண்டிங் ப்ராம்ப்ட் மூணு

1. புயல் அடங்குற நேரத்துக் கடல்

அகலவாட்டு ஆயில் பெயிண்டிங், அந்தப் பெயிண்டிங்க நேரா முன்னாடி நின்னு போட்டோ எடுத்த மாதிரி. கரைக்கு வந்து உடையுற ஒரே ஒரு பெரிய அலை, பின்னாடி சாம்பல் மேகம். முரட்டு நெசவுள்ள லினன் கான்வாஸ், மேல பழுப்பு அடிப்பூச்சு. வானத்துல பெயிண்ட் ரொம்ப மெலிசு, காய்ஞ்ச பிரஷ்ஷ லேசா இழுத்த மாதிரி, நூலோட மேட்டுல மட்டும் கலர் ஒட்டி பள்ளத்துல அந்தப் பழுப்பு எட்டிப் பாக்கணும். அலை உடையுற இடம் முழுக்க பேலட் நைஃப்: வெள்ளைய கெட்டியா அப்பி ஒரே இழுப்புல தள்ளினது, நடுவுல கத்தி வழுக்கிப்போன தட்டையான பளபளப்பு, ரெண்டு ஓரத்துலயும் பிதுங்கி நிக்குற வரப்பு, கத்திய தூக்குன இடத்துல இழுபட்டு நிக்குற கூரான முனை, உள்ள அல்ட்ராமரீன் நீலம் முழுசா கலக்காம கோடு கோடா ஓடணும். வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து சாய்வா, தாழ்வா வரணும், அப்பதான் ஒவ்வொரு வரப்புக்கும் தனியா ஒரு நிழல் விழும்.

முக்கியம்: பெயிண்ட் தடிச்ச இடத்துல நெசவு தெரியவே கூடாது. போன தடவை நுரைக்கு மேலயும் நூல் நூலா வந்துடுச்சு, படத்து மேல துணிய பிரிண்ட் பண்ணி ஒட்டுன மாதிரி. நிஜத்துல கெட்டி பெயிண்ட் நெசவ மூடிடும், மெலிசான இடத்துலதான் துணி மூச்சு விடும்.

2. ஜன்னல் ஓரத்துல தாத்தா

நெஞ்சு வரைக்கும், முக்கால் பக்கம் திரும்புன முகம், இருட்டுப் பின்னணி. நிழல் பக்கம் பர்ன்ட் அம்பர்ல மெலிசா, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவணும், வெளிச்சப் பக்கம் கெட்டி இம்பாஸ்டோ. ரெம்ப்ராண்ட் கடைசிக் காலத்துல போட்ட முகங்கள்ல இந்த வித்தியாசம்தான் உயிரு, அந்த முறை வேணும், அவரோட படம் வேணாம். பன்றிமுடி பிரஷ், முடி ஒவ்வொண்ணும் கீறுன தடம் பெயிண்ட்ல அப்படியே இருக்கணும். இழுப்பு முகத்தோட வளைவு போற பக்கமே போகணும், நெத்தில குறுக்க, கன்னத்துல எலும்பச் சுத்தி, தாடில கீழ்நோக்கி. நெத்திக்கு ஏழெட்டு இழுப்பு போதும், அதுக்கு மேல போனா தோல் மழமழன்னு ஆயிடும், அத பாக்கும்போதே எனக்கு மனசு விட்டுப்போகுது. மூக்குத் தண்டுல ஒரே ஒரு பொட்டு வெள்ளை, ஈரப் பெயிண்ட் மேலயே வெச்சது, சுத்தி இருக்குற கலர கொஞ்சம் இழுத்துட்டு வந்திருக்கணும்.

வேண்டாதது: ஏர்பிரஷ் மழமழப்பு, ஒரே சீரான டெக்ஸ்சர், பிளாஸ்டிக் பளபளப்பு, கையெழுத்து, சட்டம்.

3. முதல் படத்து அலையோட குளோசப்

உள்ளங்கை அளவு இடம், மேக்ரோ போட்டோ. கத்தில அப்புன வெள்ளை, அது முடியுற ஓரம், அதுக்கு அந்தப்பக்கம் வெறும் லினன் நூல். அந்த ஓரத்துலதான் ஃபோகஸ்.