ஷாலினி சிஸ்டருக்கு: ஞாயிறு காலை நேரக் கணக்கு

வணக்கம் ஷாலினி சிஸ்டர், நான் மணப்பெண் திவ்யாவின் அக்கா ரேவதி. நேற்று ஐயரிடமும் மண்டபத்து மேனேஜரிடமும் பேசி எல்லா நேரத்தையும் உறுதி செய்துவிட்டேன். கொஞ்சம் நீளமான மெசேஜ்தான், ஆனால் ஞாயிறு காலையில் யாரும் யாரையும் தேடி ஓடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உங்களோடு மேக்கப்புக்கு வருகிற நந்தினிக்கும் சுகன்யாவுக்கும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

முகூர்த்தம் 7.30 முதல் 8.30. திவ்யா 7 மணிக்கு மணையில் உட்கார வேண்டும். கீழே இருக்கிற எல்லா நேரமும் இந்த 7 மணியிலிருந்து பின்னோக்கிப் போட்டதுதான்.

முதலில் வருகிற விஷயம். ஞாயிறு விடியற்காலையில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி நேராகக் குன்னூர் மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று போனில் சொன்னீர்கள். வேண்டாம் சிஸ்டர். பர்லியாறுக்கு மேலே பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். காட்டுப் பாதை, யானை நின்றாலும் நின்றதுதான். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே உங்கள் மூன்று பேருக்கும் ரூம் போட்டாயிற்று. வாரக்கடைசி என்பதால் மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையத்திலேயே வண்டிகள் நிற்கும். கோவையில் 12 மணிக்குக் கிளம்பினால் நிதானமாக வரலாம்.

உங்கள் வண்டி டிஎன் 43 இல்லை என்பதால் இ-பாஸ் வேண்டும். epass.tnega.org தளத்தில் எடுத்து, க்யூஆர் கோடை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லாறில் கேட்பார்கள், அங்கே போய்த் தேடினால் சிக்னல் கிடைக்குமோ கிடைக்காதோ. அப்புறம், தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீர்கள், நீலகிரியில் தடை. ஸ்டீல் பாட்டில் இருந்தால் போதும், ரூமில் சுடுதண்ணீர் தருவார்கள்.

ஞாயிறு அதிகாலை 2.55க்கு என் மாமா செல்வம் காரோடு லாட்ஜ் வாசலில் நிற்பார். பெட்ஃபோர்டு பக்கம் மண்டபம், அந்த நேரத்தில் பத்து நிமிஷம்தான். ஆனாலும் 3.15 என்று வைத்துக்கொள்வோம். மணமகள் அறை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, உங்கள் பெட்டிகளைத் தூக்க என் தம்பிகள் இரண்டு பேர் இருப்பார்கள்.

3.15 முதல் 3.40 வரை பெட்டி பிரித்து, லைட் வைத்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்த அறையில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருக்கிறது. ஹீட்டரையும் ஹேர் அயர்னையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். போன வாரம் நானே அயர்ன் பாக்ஸை வைத்துப் போட்டுப் பார்த்தேன், மாடி முழுக்க இருட்டு. அதனால் 3 மணியிலிருந்தே ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கி வைத்துவிடுவோம். தலை வேலை ஆரம்பித்ததும் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும், ஆனால் அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். சார்ஜ் செய்த ரிங் லைட் ஒன்று கட்டாயம் கொண்டு வாருங்கள்.

தை மாசத்துக் குளிர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ட்ரையல் எடுத்தது கோவையில், மின்விசிறிக்குக் கீழே. இங்கே அந்த நேரத்தில் தேங்காய் எண்ணெய் கட்டியாக இருக்கும், உங்கள் க்ரீம் ஃபவுண்டேஷனும் அப்படித்தான் இறுகி நிற்கும். திவ்யாவுக்கு வேர்க்காது, ஆனால் உதட்டோரமும் மூக்கோரமும் தோல் உரியும். ட்ரையலில் போட்ட மேட் பேஸ் இங்கே திட்டுத் திட்டாகத் தெரியும் என்று எனக்குப் பயம். மாய்ஸ்சரைசருக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் கணக்கில் சேர்த்திருக்கிறேன். முடிவு உங்களுடையது, உங்களுக்குத் தெரியாதது இல்லை.

திவ்யா 3 மணிக்கே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுத் தயாராக இருப்பாள். தலைக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை மதியமே முடிந்துவிடும். இந்தக் குளிரில் ஞாயிறு காலை தலைக்கு ஊற்றினால் முடி காய்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்! அம்மாவைச் சம்மதிக்க வைத்தாயிற்று.

3.40 முதல் 4.50 வரை திவ்யாவின் முகம், நீங்கள். அதே நேரத்தில் நந்தினி 3.45க்கு அம்மாவை எடுத்துக்கொள்ளட்டும்: கொண்டை 4.10 வரை, லேசான மேக்கப் 4.30 வரை. சுகன்யா 4.30க்கு அம்மாவுக்குப் புடவை கட்டிவிட்டால் 4.45க்கு அம்மா கீழே போய்விடலாம். சீர்த்தட்டு, ஆரத்தி எல்லாம் அவர் கையில். 6 மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறபோது வாசலில் நிற்க வேண்டியவரும் அவர்தான். அதனால் மணப்பெண்ணுக்கு அடுத்து அம்மாதான், இதில் மாற்றமே வேண்டாம். அவர் கண் மை வேண்டாம் என்பார், விட்டுவிடுங்கள்.

4.30 முதல் 4.50 வரை நந்தினியிடம் சித்தி, தலை மட்டும். பிறகு சுகன்யா அவருக்குப் புடவை, 5.05 வரை. 5.10க்குப் பாட்டி வருவார். மேக்கப் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பயப்படாதீர்கள். மடிப்பு மட்டும் எடுத்துவிட்டால் போதும், பவுடரை அவரே இடுப்புச் சுருக்குப் பையில் வைத்திருப்பார்.

4.50 முதல் 5 வரை உங்களுக்கும் நந்தினிக்கும் வேலை இல்லை. திவ்யா உதட்டுக்குப் போடுவதற்கு முன் இரண்டு இட்லி, பால். உங்களுக்கும் டிபன், காபி மேலேயே வரும். சாப்பிடாமல் வேலை செய்யாதீர்கள்.

5 முதல் 5.45 வரை நந்தினி திவ்யாவின் ஜடை. பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையில் மல்லி விலை உங்களுக்கே தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து சனிக்கிழமை மாமா வாங்கி வருவது ஜடைக்கு ஆறு முழம் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஜாதிமல்லி. வாழை இலையில் சுற்றி ஈரத்துணி போட்டு அறை ஜன்னலோரம் வைத்திருப்பேன். ஹீட்டர் பக்கம் நகர்த்தாதீர்கள், அரை மணி நேரத்தில் பழுத்துவிடும். நெற்றிச்சுட்டியை மட்டும் எளிதாக எடுத்து மாட்டும்படி குத்துங்கள். தாலி கட்டியதும் மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைப்பார், அப்போது சுட்டியைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஒட்டுப் பொட்டு வேண்டாம், அந்தப் பசை அவளுக்கு அரிக்கும். சாந்துப் பொட்டு வரைந்துவிடுங்கள்.

ஜடை நடக்கிறபோது உங்கள் கை சும்மா இருக்கும், அப்போது நான், 5 முதல் 5.25 வரை. என் தலையை நானே வாரிக்கொள்வேன். 5.25க்கு மாப்பிள்ளையின் அக்கா, அதாவது நாத்தனார், புடவை கட்டியே வருவார். முகம் மட்டும், 5.45க்குள். மூன்றாவது முடிச்சு போடுகிறவர், எல்லா போட்டோவிலும் திவ்யாவுக்குப் பின்னால் அவர் முகம்தான்.

5.45 முதல் 6.10 வரை திவ்யாவுக்குப் புடவையும் நகையும். 6.10 முதல் 6.25 வரை காலி. இந்தக் கால் மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், என் அப்பா கேட்டாலும். பனி, கரண்ட், அழுகை மூன்றுக்கும் சேர்த்து வைத்த நேரம் இது. 6.25 முதல் 6.45 வரை அறையிலேயே போட்டோ. 6.45க்குக் கீழே பிள்ளையார் பூஜை.

நேரம் தள்ளிப்போனால் முதலில் என்னை விட்டுவிடுங்கள். அப்புறம் சித்தி. போட்டோவை இருபதிலிருந்து பத்து நிமிஷமாகக் குறைக்கலாம், போட்டோகிராபரிடம் சொல்லிவிட்டேன். திவ்யாவின் ஜடையிலோ அம்மாவிலோ கை வைக்க வேண்டாம். 5 மணிக்குத் திவ்யாவின் முகம் முடியவில்லை என்றால் உடனே எனக்கு ஒரு குரல் கொடுங்கள், நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

இனி கூறைப் புடவை. நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். சுமார் 7.50க்கு மேடையில் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், திவ்யா மாடிக்கு வந்து மாற்றிக்கொண்டு 8.05க்கு மறுபடி மணையில் இருக்க வேண்டும். கால் மணி நேரம், அதில் படிக்கட்டுக்கே நான்கு நிமிஷம் போய்விடும். நீங்களும் சுகன்யாவும் 7.40க்கே அறையில் ஊசி, பின் எல்லாம் வரிசையாக வைத்துக் காத்திருங்கள். புடவையை முன்கூட்டி மடித்துப் பின் குத்தித் தர முடியாது. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார், அவர் ஆசை அது. ஆனால் ஒரு வசதி: முதல் புடவை மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கூறை முழு அரக்கு. ஒரே அரக்கு ப்ளவுஸ் இரண்டுக்கும் பொருந்தும், ப்ளவுஸ் மாற்ற வேண்டாம். பாவாடையும் அதேதான். காசு மாலையைக் கழற்ற வேண்டாம், ஒட்டியாணம் மட்டும் எடுத்து மறுபடி போட்டால் போதும். கழுத்து மாலையைக் கழற்றி வாங்கிக்கொள்ள வாசலில் என் இன்னொரு தங்கை நிற்பாள்.

ஹோமப் புகையில் கண்ணீர் வரும், அதனால் கண்ணுக்குப் போடுவது எல்லாமே வாட்டர்ப்ரூஃப் வகையாக இருக்கட்டும். 8.30 வரை டிஷ்யூவும் லிப்ஸ்டிக்கும் நந்தினி கையில் இருக்கட்டும், மேடைக்குப் பக்கவாட்டில் நின்றால் போதும்.

இன்னும் ஒன்று. சித்தப்பா பெண்கள் மூன்று பேர் 4.30க்கு மேல் நிச்சயம் கதவைத் தட்டுவார்கள். “ஐலைனர் மட்டும் அக்கா” என்று ஆரம்பிக்கும், பிறகு ஹேர் கர்லிங்கில் போய் நிற்கும். என் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள், கோபம் என்மேல் வரட்டும். பட்டியலில் இருக்கிறவர்கள் திவ்யா, அம்மா, சித்தி, பாட்டி, நான், நாத்தனார், அவ்வளவுதான். 8.30க்கு மேல் உங்களுக்கு விருப்பம் இருந்தால் அவர்களுக்குச் செய்யுங்கள், அதற்குத் தனியாகத் தருகிறேன்.

பாக்கி 18,000 ரூபாயை 9 மணிக்கு ஜிபேயில் போட்டுவிடுவேன். சாப்பாடு முடித்துவிட்டே இறங்குங்கள், செல்வம் மாமா லாட்ஜில் விடுவார்.

வண்டி நம்பரையும் இ-பாஸ் எடுத்த விவரத்தையும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எனக்கு அனுப்புங்கள். சுகன்யா அசைவம் சாப்பிடுவாரா என்றும் சொல்லுங்கள், சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்புகிறோம்.