இணையம் நின்றால்: அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கவிதா அக்கா, துர்கா, ஷாமினி மூவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் மூன்று வாரங்களுக்குத் தணிக்கை வேலையாக நான் ஜோகூர் பாருவில் இருப்பேன். இணையக் கணக்கு என் பெயரில் இருப்பதால் இதுவரை லைன் போனவுடன் எனக்குச் செய்தி அனுப்புவதும், நான் சேவை நிறுவனத்தை அழைப்பதும் வழக்கமாக இருந்தது. அங்கே பகலில் கைப்பேசியை எடுக்க முடியாத நேரங்கள் நிறைய இருக்கும். துர்காவின் இரவு டியூஷன் வகுப்பும் ஷாமினியின் இறுதியாண்டுத் திட்டமும் என் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதை நீளமாக எழுதுகிறேன். ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, குழுவில் இதைப் பின் செய்து வையுங்கள்.

கடந்த ஓராண்டில் நம் வீட்டில் ஐந்து முறை இணையம் நின்றது. அவற்றில் இரண்டு முறைதான் உண்மையில் வெளியே லைனில் கோளாறு. மற்ற மூன்றும் இந்த வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டியவை. ஒருநாள் காலையில் நாற்பது நிமிடம் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்து, ஒருவழியாக ஒரு பெண் எடுத்து, "பெட்டியில் விளக்கு எரிகிறதா?" என்று கேட்டபோதுதான் ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போடுவதற்காக ரௌட்டரின் பிளக்கை யாரோ கழற்றியிருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் பிளக் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. யார் என்று நான் இப்போதும் கேட்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, நின்றது இணையமா அல்லது உங்கள் கருவியா என்று பிரித்துப் பார்ப்பது. உங்கள் கைப்பேசியில் மட்டும் வரவில்லை, கவிதா அக்காவின் கைப்பேசியில் வருகிறது என்றால் வீட்டு லைனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கைப்பேசியில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள், வைஃபையை அணைத்துப் போடுங்கள், அதற்கும் சரியாகவில்லையென்றால் நம் வைஃபையை மறக்கச் செய்து கடவுச்சொல்லை மறுபடி உள்ளிடுங்கள். இன்னொன்று: ஷாமினியின் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பலவீனமாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள் இருக்கின்றன. அறைக்கதவைச் சாத்தியதும் படம் நின்று நின்று ஓடுகிறது என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறுங்கள். வேகம் குறையும், ஆனால் சுவரைத் தாண்டி வரும்.

எல்லோருக்கும் வரவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். சாயங்கால இடிமழைக்குப் பிறகு வாசற்கதவுக்கு மேலே உள்ள டிபி பாக்ஸில் இஎல்சிபி சுவிட்சோ பிளக்குகளுக்கான சுவிட்சோ விழுந்திருக்கலாம். ஹால் விளக்கு எரிகிறது என்பதால் பிளக்குகளுக்கும் மின்சாரம் வருகிறது என்று எண்ணிவிட வேண்டாம், விளக்கும் பிளக்கும் வேறு வேறு சுவிட்சில் ஓடுகின்றன. விழுந்த சுவிட்சை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். உடனே மறுபடி விழுந்தால் அதை விட்டுவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், அடம்பிடித்துத் தள்ள வேண்டாம்.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்ததாகப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். இந்தச் செய்தி முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான்: எதையும் அணைப்பதற்கு முன் இரண்டு பெட்டிகளின் விளக்குகளையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அணைத்துப் போட்ட பிறகு விளக்குகளின் நிலை மாறிவிடும். பழுது எங்கே என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சியத்தை நாமே அழித்துவிட்டதாகிவிடும். தொலைக்காட்சிக்குக் கீழே சுவரோடு ஒட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி பைபர் பெட்டி, தெருவிலிருந்து வரும் லைன் அதில்தான் முடிகிறது. அதன் பக்கத்தில் நான்கு கொம்புகளோடு இருக்கும் கறுப்புப் பெட்டி ரௌட்டர், வைஃபை அதிலிருந்து வருகிறது.

வெள்ளைப் பெட்டியில் PON என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்து, LOS என்ற விளக்கு அணைந்திருந்தால் வெளியிலிருந்து ஒளி நம் வீடுவரை வந்து சேர்கிறது என்று பொருள். LOS சிவப்பாக மினுக்கினால் ஒளியே வரவில்லை. அப்போது ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால் போகும் மெல்லிய கம்பி, சோபா காலுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குள் இருப்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. மடித்தால் ஒளி தப்பிவிடும், இன்னும் மடித்தால் உடைந்துவிடும். பச்சை முனையைக் கழற்றி ஊதித் துடைக்க வேண்டாம், கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது, அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கம்பி நேராக இருந்தும் சிவப்பு மினுக்கினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே அழைப்புக்குப் போய்விடலாம். போகும் வழியில் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் அவர்களுக்கும் போய்விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாடி முழுவதும் போயிருந்தால் அந்தத் தகவல் அழைப்பில் உதவும்.

ஏதாவது ஒரு பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஆனால் பிளக்கில் மின்சாரம் இருக்கிறது என்றால் அடாப்டர் போயிருக்கலாம். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மின்கம்பி கடத்தும். நம் ஊர் மழையில் முதலில் சாவது பெரும்பாலும் அடாப்டர்தான். இரண்டு அடாப்டர்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வெள்ளைப் பெட்டியுடையதில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். ஒன்றை மற்றொன்றில் மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டாம்.

விளக்குகள் ஒழுங்காக இருந்தும் இணையம் வரவில்லை என்றால்தான் அணைத்துப் போடும் முறை. இரண்டு பெட்டிகளையும் சுவரில் உள்ள சுவிட்சில் அணையுங்கள். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். முதலில் வெள்ளைப் பெட்டியை மட்டும் போட்டு, PON விளக்கு மினுக்கி முடித்து அசையாமல் நிற்கும்வரை, ஏறக்குறைய மூன்று நிமிடம், கறுப்புப் பெட்டியைத் தொடாதீர்கள். பிறகுதான் ரௌட்டர். வரிசையை மாற்றினால், லைன் தயாராவதற்கு முன்பே ரௌட்டர் உள்நுழைய முயன்று தோற்று அப்படியே நின்றுவிடுவதுண்டு. நாம் அதைப் பழுது என்று நினைத்துவிடுவோம். இதை ஒருமுறை செய்தால் போதும்.

ரௌட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கிறது. அதற்குள் எதையும் விடக் கூடாது. அது அணைத்துப் போடும் பொத்தான் அல்ல. லைனுக்குள் நுழைவதற்கான பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும் பொத்தான். நமக்கு முன் இந்த அறையில் இருந்த தோழி தோட்டின் முனையால் அதை அழுத்தியதில், பத்து நிமிடத்தில் திரும்பியிருக்க வேண்டிய இணையம் இரண்டு நாள் கழித்துத் திரும்பியது. இப்போது அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.

அப்படியும் வரவில்லையா? துர்காவின் மடிக்கணினியை லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யுங்கள்.

```
ping 192.168.0.1
ping 8.8.8.8
ping google.com
```

முதல் வரிக்கே பதில் வராவிட்டால் கோளாறு கேபிளிலோ ரௌட்டரிலோ இருக்கிறது. அதற்கு வெளியே யாரையும் அழைத்துப் பயனில்லை, எனக்குச் செய்தி அனுப்புங்கள். முதலாவதற்குப் பதில் வந்து மற்ற இரண்டுக்கும் வரவில்லை என்றால் ரௌட்டருக்கு அப்பால்தான் பழுது, அப்போது அழைக்கலாம். முதல் இரண்டும் வந்து மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் லைன் உயிரோடுதான் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் வேலை செய்யவில்லை. அவசரமென்றால் மடிக்கணினியின் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். நிறுவனத்திடம் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பில்லைப் பற்றி ஒரு வரி. மாதாமாதம் என் அட்டையிலிருந்து தானாகக் கழிகிறது, பணம் கட்டாமல் துண்டிக்கப்பட்டதோ என்று ஐயப்பட வேண்டாம். போகும் முன் இந்த மாதத்தையும் சரிபார்த்துவிட்டேன்.

அழைக்கும்போது கணக்கு எண்ணும் என் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். இரண்டையும் தாளில் எழுதி, சமையலறையில் அரிசி டின் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து அதைப் படம் எடுத்து குழுவில் போடாதீர்கள். கவிதா அக்கா இரவுப் பணியில் இல்லாத நாளென்றால் அவரே பேசுவது நல்லது, எதிர்முனையில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் அக்கா பதறமாட்டார். எத்தனை மணிக்கு நின்றது, LOS எந்த நிறம், ஒருமுறை வரிசைப்படி அணைத்துப் போட்டாயிற்று, லேன் கேபிளில் சோதித்தாயிற்று, எதிர்வீட்டிலும் இல்லை அல்லது இருக்கிறது: இந்த ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் எழுதி வைத்திருக்கும் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். மறுபடி அணைத்துப் போடச் சொன்னால் சண்டை போடாமல் செய்துவிடுங்கள். புகார் எண்ணை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். எண் இல்லாவிட்டால் மறுநாள் அழைக்கும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். நிறுவனம் நாள்கணக்கில் இழுத்தடித்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிட நேர்ந்தாலும் கையில் அந்த எண் இருப்பது நல்லது.

பழுது பார்ப்பவர் வருவதாகச் சொன்னால் அவர் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டு முதல்நாளே கீழே காவலரிடம் பதிந்துவிடுங்கள். நம் மாடியின் கேபிள் அறைச் சாவி நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறது, சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் அங்கே ஆள் இருக்கமாட்டார். அதனால் சனிக்கிழமை பிற்பகல் நேரம் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாமல் திங்கட்கிழமை கேளுங்கள். அதுவரை துர்காவின் வகுப்புக்கு என் பழைய கைப்பேசியை ஹாட்ஸ்பாட்டாகப் பயன்படுத்தலாம். என் மேசையின் முதல் இழுப்பறையில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன், டேட்டாவும் போட்டாயிற்று. சினிமா பார்க்க மட்டும் அதை எடுக்க வேண்டாம், ஷாமினி.

பிரேமா